ஓய்வு பெறுபவரிடம் கைக்கடிகாரம் கொடுக்கும்போது பேச வேண்டும்: என் வரைவு சரியா?

மேசை_நாலு

வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்தில் ஒரு சின்ன வழியனுப்பு விழா. தபால் பதிவுப் பிரிவில் 31 ஆண்டு இருந்தவர் ஓய்வு பெறுகிறார். பெயர் வேண்டாம், அண்ணன் என்றே எழுதுகிறேன், நாங்கள் கூப்பிடுவதும் அப்படித்தான். வருபவர்கள் இருபது பேருக்குள். அவர் வீட்டிலிருந்தும் இரண்டு பேர் வரலாம். எல்லோரும் பணம் போட்டு ஒரு கைக்கடிகாரம் வாங்கியாயிற்று. அதைக் கொடுத்துப் பேசும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. மூன்று நிமிடம் போதும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். எழுதியதைக் கீழே போடுகிறேன், தயவு பார்க்காமல் சொல்லுங்கள்.

"அனைவருக்கும் வணக்கம். இன்று நம்மிடமிருந்து விடைபெறும் அண்ணன் ஒரு கடின உழைப்பாளி. நேரம் தவறாதவர். எளிமையானவர். எல்லோரிடமும் அன்பாகப் பழகியவர். 31 ஆண்டுகள் மாசற்ற பணி செய்தார். தனக்குக் கொடுத்த பொறுப்பைச் செவ்வனே நிறைவேற்றினார். அவர் விட்டுச் செல்லும் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது. இனிமேல் நேரம் பார்க்கத் தேவையே இல்லாத அவருக்கு, நேரம் காட்டும் இந்த அன்புப் பரிசை வழங்குவதில் மகிழ்கிறோம்."

தேன்சிட்டு

பேட்டரியில் ஓடுவதா, தானியங்கியா? தானியங்கி என்றால் பெட்டிக்குள் சும்மா கிடந்தால் ஒன்றரை இரண்டு நாளில் நின்றுவிடும். வயதானவர் என்றால் எண்கள் பெரிதாக, முகப்பு வெள்ளையாக இருப்பதே நல்லது. கறுப்பு முகப்பு வேண்டவே வேண்டாம்.

மேசை_நாலு

வாங்கி முடித்துவிட்டோம் அய்யா, பேட்டரிதான். கேட்டது பேச்சைப் பற்றி.

ஒலிபெருக்கி

பேச்சில் சரக்கு இல்லை, அதுதான் குறை. 31 வருடம் என்கிறீர்கள், எந்த வருடம் சேர்ந்தார், எந்தெந்தப் பிரிவில் இருந்தார், யார் யாருக்குக் கீழே வேலை பார்த்தார் என்று எதுவுமே இல்லையே. பணிப் பதிவேட்டை வாங்கி வரிசையாகச் சொல்லுங்கள், கேட்கிறவர்களுக்கு மலைப்பாக இருக்கும். அப்புறம் நாலு இடத்தில் சிரிக்க வையுங்கள். கடைசியில் அந்த நேரம் பார்க்கும் ஜோக் நன்றாகத்தான் இருக்கிறது, அதை விடாதீர்கள்.

பழைய_நிர்வாகி

சரக்கு இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பணிப் பதிவேடு அந்தச் சரக்கு இல்லை. நிர்வாகப் பிரிவில் இருந்ததால் இந்த மாதிரிப் பேச்சுகளை நிறையக் கேட்டிருக்கிறேன், சிலதை நானே எழுதியும் கொடுத்திருக்கிறேன். வருட வரிசை வாசிக்க ஆரம்பித்ததும் அவரோடு அந்தக் காலத்தில் இல்லாதவர்களின் கண் அலைய ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு, ஒரு வருடம் தப்பாகச் சொன்னால் கூட்டத்திலிருந்து ஒருவர் திருத்துவார், இன்னொருவர் அவரைத் திருத்துவார். உங்கள் மூன்று நிமிடத்தில் ஒன்று அதிலேயே போய்விடும்.

மேசை_நாலு, உங்கள் வரைவில் அண்ணன் என்ற சொல்லை எடுத்துவிட்டு உங்கள் அலுவலகத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் பொருந்தும். கடின உழைப்பாளி, எளிமையானவர் என்பதெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அறையில் இருக்கும் யாரும் அவரை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு வேலை செய்யும்போதுதான் பார்த்திருப்பார்கள். அந்த வேலை எதுவென்று முதலில் கண்டுபிடியுங்கள்.

அதற்கு ஒரு வழி உண்டு. நாளைக்கு மூன்று பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். "அண்ணனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள், நீங்கள் எழுதியதையே திருப்பிச் சொல்வார்கள். "கடைசியாக எதற்காக அவர் மேசைக்குப் போனீர்கள், அப்போது அவர் என்ன செய்தார்" என்று கேளுங்கள். ஒருவர் இளையவராக இருக்கட்டும், ஒருவர் அவர் வயதுக்காரராக இருக்கட்டும், மூன்றாமவர் வேறு பிரிவு. ஒரே விஷயத்தை இரண்டு பேர் சொன்னால் உங்கள் பேச்சு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

நேரம் பார்க்கும் ஜோக்கை விட்டுவிடுங்கள். ஓய்வு பெறுபவர் ஏற்புரை சொல்ல எழுந்தால் முதலில் அவர் வாயில் வரப்போவது அதுதான். கூச்ச சுபாவம் உள்ளவருக்குக் கிடைக்கிற ஒரே நல்ல வரி அது. அதை நீங்கள் முன்னாலேயே சொல்லி முடித்துவிட்டால் பாவம், அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

ஒலிபெருக்கி

சிரிப்பே இல்லாமல் என்ன விழா? இரங்கல் கூட்டம் மாதிரி இருக்காதா?

பழைய_நிர்வாகி

இரங்கல் கூட்டம் மாதிரி ஆவதற்குக் காரணம் சிரிப்பு இல்லாதது இல்லை. வரைவை இன்னொரு தடவை பாருங்கள். "பழகியவர், செய்தார், நிறைவேற்றினார்". மனிதர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவரைப் படர்க்கையில், இறந்த காலத்தில் அடுக்கிக்கொண்டே போனால் வேறு எப்படி இருக்கும்? பாதிவரை "அண்ணன்" என்று கூட்டத்தைப் பார்த்துப் பேசட்டும். கடிகாரத்தைக் கையில் எடுக்கும் இடத்தில் அவர் பக்கம் திரும்பி "அண்ணே, நீங்கள்" என்று மாற்றட்டும். அந்த ஒரு திருப்பமே போதும். சிரிப்பு தானாக வந்தால் வரட்டும்.

"அவர் இடத்தை யாராலும் நிரப்ப முடியாது" என்பதையும் எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை அந்த நாற்காலியில் உட்காரப் போகிற ஆளும் அந்த அறையில்தான் இருப்பார்.

ஓய்வு_பெற்றவன்

வாங்கிக்கொண்ட பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். எனக்கும் கடிகாரம்தான் கொடுத்தார்கள். பேச ஆரம்பிக்கும் முன்பே என்னை மேலே கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள். பேச்சு முடியும்வரை கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. புகழும்போது தலையைக் குனிந்தால் வருத்தமாக இருப்பது போலத் தெரிகிறது, நிமிர்ந்தால் ரசிப்பது போலத் தெரிகிறது. இன்றுவரை அந்தப் புகைப்படத்தை வீட்டில் மாட்டவில்லை.

இன்னொன்று. பேசியவர் ஒரு கையில் ஒலிவாங்கி, ஒரு கையில் காகிதம், அக்குளில் கடிகாரப் பெட்டி. கொடுக்கும் நேரத்தில் காகிதம் கீழே விழுந்தது. நானும் அவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். மண்டை இடித்துக்கொண்டதுதான் அந்த விழாவில் எல்லோருக்கும் நினைவில் நின்றது. அப்புறம் அந்தக் கடிகாரத்தின் உலோகப் பட்டை என் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மணிக்கட்டில் அரிப்பு வந்துவிட்டது. தோல் பட்டை மாற்றித்தான் கட்டினேன். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_நிர்வாகி

மண்டை இடித்தது வரை வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சு முழுக்க அவர் தன் இடத்தில் உட்கார்ந்தே இருக்கட்டும். கடைசி இரண்டு வரிக்கு முன்னால்தான் கூப்பிட வேண்டும். இருபது பேருக்கு ஒலிவாங்கி எதற்கு, அதை ஒதுக்கிவிடுங்கள். பெட்டி பக்கத்து மேசையில், வெளி உறை இல்லாமல், மூடியைத் தூக்கினால் கடிகாரம் தெரியும்படி இருக்கட்டும். காகிதத்தை அதே மேசையில் வைத்துவிட்டுப் பெட்டியை எடுங்கள். பெட்டி உங்கள் இடது கைக்கு வரட்டும். அப்போதுதான் கை குலுக்க வலது கை காலியாக இருக்கும்.

முதல் நாளே பெட்டியைத் திறந்து பாருங்கள். பேட்டரிக் கடிகாரத்தில் திருகுமுனைக்கு அடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு செருகியிருப்பார்கள், முள் ஓடாமல் இருக்க. அதை எடுத்தீர்களா? கண்ணாடியில் ஒட்டியிருக்கும் படலத்தை உரித்தீர்களா? நின்று போன கடிகாரத்தைக் கையில் கொடுத்தால் எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும் வீண்.

தேன்சிட்டு

தேதி காட்டும் கடிகாரம் என்றால் ஒரு சின்ன விஷயம். நேரம் வைக்கும்போது முள்ளைப் பன்னிரண்டு தாண்டி ஓட்டிப் பாருங்கள். தேதி மாறினால் அது நள்ளிரவு, மாறாவிட்டால் நண்பகல். இதைப் பார்க்காமல் வைத்தால் அவருக்கு மத்தியானம் சாப்பிடும் நேரத்தில் தேதி மாறிக்கொண்டிருக்கும். பின்பக்கம் ஏதாவது பொறித்திருக்கிறீர்களா?

மேசை_நாலு

இன்னும் இல்லை. நாளை கொடுக்கலாம் என்று இருக்கிறோம். முலாம் பூசிய கடிகாரம், பின்மூடியும் அதே நிறம். ஒரு முழு வாழ்த்து வாக்கியம் போடலாமா?

ஒலிபெருக்கி

தாராளமாகப் போடலாம். காலத்துக்கும் நிற்கிற மாதிரி நல்ல வாசகமாக எழுதுங்கள்.

தேன்சிட்டு

பின்மூடியில் எழுத இடம் மிகக் குறைவு. ஏற்கெனவே அதில் நீர்த்தடை விவரம், வரிசை எண் எல்லாம் வட்டமாக ஓடும், நடுவில் மிஞ்சுவதுதான் நமக்கு. சின்னச் சின்னதாக மூன்று வரி, அவ்வளவுதான். தமிழ் எழுத்தின் சுழியும் கொம்பும் ரொம்பச் சிறிதானால் அடைத்துக்கொள்ளும், அதனால் முதலில் ஒரு மாதிரி அச்சைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இன்னொன்று, முலாம் பூசிய மூடியில் ஆழமாகச் செதுக்கினால் முலாமைத் தாண்டி அடியிலிருக்கும் உலோக நிறம் தெரியும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குக் கீறல் மாதிரி தோன்றும். பொறித்த கடிகாரத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார், ஆகவே ஓடுகிறதா என்று ஒரு நாள் பார்த்துவிட்டுப் பொறிக்கக் கொடுங்கள்.

பழைய_நிர்வாகி

பெயர், சேர்ந்த ஆண்டு, ஓய்வு ஆண்டு. போதும். தலைப்பெழுத்து அவர் கையெழுத்துப் போடும் முறையில் இருக்கட்டும், கோப்பில் இருக்கும் முறையில் வேண்டாம். பேச்சுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. பொறித்ததை அந்த அறையில் யாராலும் பார்க்க முடியாது, அவரும் அந்த நேரத்தில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். அதனால் கொடுப்பதற்கு முன் அதை நீங்கள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பல பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.

மேசை_நாலு

நேற்று சொன்னபடி மூன்று பேரிடம் கேட்டேன். அப்படியே நடந்தது. இளையவர் ஒருத்தி சொன்னாள்: கோப்பு எண் தெரியாமல் போய் நின்றால் எப்படித் தொலைத்தாய் என்று அண்ணன் கேட்க மாட்டாராம். எந்த மாதம், யார் அனுப்பிய கடிதம் என்று இரண்டு கேள்வி. பதிவேட்டைப் புரட்டி, ஒரு துண்டுச் சீட்டில் எண்ணைப் பென்சிலால் எழுதி, இரண்டாக மடித்துக் கொடுப்பாராம். வாயால் எண்ணைச் சொல்லவே மாட்டாராம். அவர் மேசைக்குப் பின்னாலேயே மேலாளர் அறை. யார் கோப்பைத் தவறவிட்டார்கள் என்று உள்ளே கேட்கக் கூடாது, அதற்காகத்தான். கணக்குப் பிரிவில் இருப்பவரும் அதே மடித்த சீட்டைச் சொன்னார். மூன்றாமவர் சொன்னது வேறு, அது கொஞ்சம் சிக்கல்.

இரண்டு தடவை பதவி உயர்வுக்கு அண்ணன் பெயர் போய்த் திரும்பி வந்தது. ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. எல்லோருக்கும் தெரியும். "அதைச் சொல்லாமல் என்ன பேச்சு" என்று மூன்றாமவர் கேட்கிறார். சொல்வதா வேண்டாமா?

வெண்பலகை

சொல்ல வேண்டும். அறையில் எல்லோருக்கும் தெரிந்ததை மறைத்துவிட்டுச் சீட்டு, பென்சில் என்று பேசினால் அது நிர்வாகத்தைக் காப்பாற்றும் பேச்சு. 31 வருடம் ஒரே மேசையில் இருந்தார் என்பதைப் பெருமை மாதிரி சொல்லிக் கைதட்டல் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. குற்றம் சாட்டச் சொல்லவில்லை. "கிடைக்க வேண்டியது கிடைக்காத ஆண்டுகளும் இருந்தன, அந்த ஆண்டுகளிலும் சீட்டு மடிந்தே வந்தது" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

ஓய்வு_பெற்றவன்

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். எனக்கும் கிடைக்காதது உண்டு. என் மனைவி முன்னால் அதை யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இரக்கம் காட்டுவது போலத்தான் இருந்திருக்கும். வீட்டில் எதைச் சொல்லி வைத்திருக்கிறார், எதைச் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?

வெண்பலகை

அப்படியானால் அவரிடமே கேட்டுவிடலாமே.

பழைய_நிர்வாகி

கேட்டால் "வேண்டாம்ப்பா" என்றுதான் சொல்வார், மனதில் வேறு இருந்தாலும். வெண்பலகையின் வரி நல்ல வரி, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்ல யாருக்கு உரிமை என்று ஒரு கேள்வி இருக்கிறது. அவரோடு சேர்ந்து வேலை பார்த்து வயதானவர் சொன்னால் ஒரு அர்த்தம், மேலாளர் கேட்டுப் பேச வந்தவர் சொன்னால் வேறு அர்த்தம். பரிசு கொடுக்கும் பேச்சு எல்லோர் சார்பிலும் பேசுவது, பணம் போட்டவர்களில் மேலாளரும் ஒருவர். நான் என்றால் அந்த மூன்றாமவரை விழாவில் தனியாக ஒரு நிமிடம் பேசச் சொல்வேன்.

வெண்பலகை

தனியாகப் பேசச் சொன்னால் அவர் பேச மாட்டார். இப்படித்தான் எல்லா இடத்திலும் தப்பிக்கிறார்கள்.

மேசை_நாலு

இதை எழுதிப் பார்த்தேன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசித்ததில் இரண்டு நிமிடம் சொச்சம் வருகிறது.

"எல்லோருக்கும் வணக்கம். இந்த அறையில் ஒரு பொருள் நம்மில் பலரிடம் வந்து போயிருக்கிறது. இரண்டாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. உள்ளே பென்சிலில் ஒரு கோப்பு எண்.

கோப்பு எண்ணை மறந்துவிட்டு அண்ணன் மேசைக்குப் போனால் அவர் இரண்டே கேள்வி கேட்பார். எந்த மாதம்? யார் அனுப்பியது? எப்படித் தொலைத்தாய் என்ற மூன்றாவது கேள்வியை அவர் கேட்டதே இல்லை. பதிவேட்டைத் திறப்பார், விரல் ஒரு வரியில் போய் நிற்கும், சீட்டு எழுதுவார், மடிப்பார், கொடுப்பார். எண்ணை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சொன்னால் பின்னால் இருக்கும் அறைக்குக் கேட்டுவிடும். அந்த அறைக்காரர் இன்று முதல்முறையாக இதைக் கேள்விப்படுகிறார் என்று நினைக்கிறேன்.

சில நாள் முன்னால் மூன்று பேரிடம் அண்ணனைப் பற்றிக் கேட்டேன். ஒருவர் பேசியதை ஒருவர் அறியாமல் இரண்டு பேர் இந்தச் சீட்டைத்தான் சொன்னார்கள். ஒரு கோப்பு கிடைத்தது என்பதற்காக இல்லை. நம் தவறு அந்த மேசையைத் தாண்டிப் போகவில்லை என்பதற்காக. அண்ணே, கொஞ்சம் இங்கே வாருங்கள்.

நீங்கள் எங்களுக்குக் கொடுத்ததெல்லாம் பென்சிலில் எழுதியது. நாங்கள் கொடுப்பது பொறித்தது. இதன் பின்பக்கம் உங்கள் பெயரும், நீங்கள் சேர்ந்த ஆண்டும், இந்த ஆண்டும் இருக்கின்றன. இது இந்த அறையில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து வாங்கியது. வாங்கிக்கொள்ளுங்கள்."

ஒலிபெருக்கி

அந்த அறைக்காரர் வரிக்குச் சிரிப்பு வரும். அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், அவசரப்பட்டு அடுத்த வரிக்குப் போகாதீர்கள். ஆனாலும் பணி விவரம் இன்னும் இரண்டு வரி இருந்திருக்கலாம்.

பழைய_நிர்வாகி

நன்றாக வந்திருக்கிறது. மூன்று திருத்தம் சொல்கிறேன். "பின்பக்கம் உங்கள் பெயரும் ஆண்டும் இருக்கின்றன" என்று விவரிக்காதீர்கள், பொறித்திருப்பதை அப்படியே படியுங்கள். பெயரைச் சொல்லுங்கள், ஆண்டுகளைச் சொல்லுங்கள். அந்தப் பேச்சிலேயே அவருடைய முழுப் பெயர் வரும் ஒரே இடம் அதுதான்.

இரண்டாவது, "நம் தவறு அந்த மேசையைத் தாண்டிப் போகவில்லை" என்ற வரி உண்மையில் இப்போது தாண்டுகிறது. மேலாளர் எப்படிப்பட்டவர்? சிரித்துவிடுவார் என்றால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் முன்கூட்டியே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அந்த இளையவளிடமும் கேளுங்கள், பெயர் சொல்லாவிட்டாலும் யார் என்று ஊகித்துவிடுவார்கள்.

மூன்றாவது, கொடுத்ததும் "இப்போது அண்ணன் பேசுவார்" என்று சொல்லாதீர்கள். கைதட்டல் அடங்கும்வரை நில்லுங்கள். அவருக்குப் பேச வேண்டும் என்றால் பேசுவார். பேசாமல் உட்கார்ந்தாலும் அதில் குறை ஒன்றும் இல்லை.

வெண்பலகை

பேச்சு நன்றாக இருக்கிறது. விட்டுப்போனது விட்டுப்போனதுதான்.

மேசை_நாலு

மேலாளர் சிரிப்பார், அதில் சந்தேகமில்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன், சம்மதம். பதவி உயர்வு விஷயத்தில் மூன்றாமவரிடம் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றார். பட்டை உலோகம்தான், ஓய்வு_பெற்றவன் சொன்ன பிறகு கொஞ்சம் பயமாக இருக்கிறது. முன்கூட்டியே அளவு குறைத்து வைக்கலாமா?

தேன்சிட்டு

வேண்டாம். அவர் மணிக்கட்டு அளவு உங்களுக்குத் தெரியாது. இறுகினால் அங்கேயே கழற்ற வேண்டிவரும், தொளதொளவென்று இருந்தால் கடையில் கண்ணியை எடுத்துக் கொடுப்பார்கள். எடுத்த கண்ணிகளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், பின்னால் கை பருத்தால் தேவைப்படும். கடை ரசீதும் முத்திரை வைத்த உத்தரவாத அட்டையும் பெட்டிக்கு அடித்தட்டில் இருக்கட்டும். மேலே வைத்தால் திறந்ததும் விலை தெரிந்துவிடும்.